பார்க்காத பெண்ணுக்குப் போட்ட பரிசம்

எனக்கு நாற்பத்தாறு வயதில் நிச்சயமானது. பெண்ணை நான் பார்த்ததில்லை. அவள் பேசிக் கேட்டதில்லை. அழுது மட்டும் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் மல்பெரியும் பட்டுப்புழு வளர்க்க ஒரு ஷெட்டும் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். புழு வளர்ப்பில் ஆள் சகவாசம் கிடையாது. வெளி ஆட்களை ஷெட்டுக்குள் விட்டால் நோய் வந்துவிடும் என்று வாசலிலேயே நிறுத்திவிடுவோம். நான்கூட மருந்து கலந்த தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போவேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை தழை போட வேண்டும். ஒரு பேட்ச் புழு கூடு கட்டி முடிக்கும்வரை கல்யாணம், காரியம் எதற்கும் முழு நாள் போக முடியாது. போகாததை நினைத்து நான் வருந்தியதும் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு நாக்கு எழாது.

பெண் தேடிப் பத்துப் பன்னிரண்டு வருடம் அலைந்தோம். ஓசூரில் கம்பெனி வேலையா என்று கேட்பார்கள். புழு என்று சொன்னதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள். கடைசியாகப் போன வீட்டில் அந்தப் பெண்ணே என்னிடம் நேராகக் கேட்டாள், “உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாங்க?” நான் தட்டில் இருந்த லட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது அக்கா வண்டியின் பின்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தாள். “லட்டைக் கட்டிக்கிறியாடா நீ? அதுவாச்சும் ஒன்னும் கேக்காது.”

அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

கூடு விலை பார்ப்பதற்காகப் போனில் ஃபேஸ்புக் வைத்திருந்தேன். பட்டு விவசாயிகள் குழு ஒன்றில் யாரோ கூலியாள் கிடைக்காத கஷ்டத்தை எழுதியிருந்தார். அதன் கீழே நான், “எனக்கு யாரும் இல்லை, தனியாகத்தான் பார்க்கிறேன்” என்று போட்டேன். ஆள் கிடைக்காததைத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் ஒரு பெண்ணிடமிருந்து நட்பு கேட்டு வந்தது. வெள்ளைக் கோட்டும் சிரிப்புமாக ஒரு படம். தான் தமிழ் வம்சம், மலேசியாவில் பிறந்தவள், லண்டனில் நர்சு, கணவன் இறந்து ஆறு வருடமாகிறது என்றாள். இத்தனை பேர் இருக்கும் குழுவில் என்னை ஏன் பிடித்தாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தனியாக இருக்கிறேன் என்று நானே ஊரறிய எழுதி வைத்திருந்தேன்.

இரண்டே நாளில், “இங்கே வேண்டாம், வாட்ஸ்அப்பில் பேசுவோம்” என்றாள். “தாங்கள் மதிய உணவு உண்டீர்களா?” என்றுதான் எழுதுவாள். “தங்களின் நாள் எவ்வாறு செல்கிறது, என் அன்பே?” பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. நிறையப் படித்தவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துத் தந்த தமிழ் என்பது பிற்பாடு போலீஸ் ஸ்டேஷனில்தான் தெரிந்தது. கொஞ்சம் படித்த எவனும் முதல் நாளே சிரித்திருப்பான். எனக்கு மரியாதை வந்தது.

எனக்கு ஒரு வரிக்கு மேல் எழுத வராது. அதனால் பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். அவள் எழுதுவாள். ஆஸ்பத்திரியில் பேச அனுமதி இல்லையாம், வீட்டுக்குப் போனால் மாமனார் இருக்கிறாராம். வீடியோவில் வர முடியாததற்கும் ஏதோ ஒரு காரணம் சொன்னாள். அந்தக் காரணத்தை நான் முழுதாகக் கேட்கக்கூட இல்லை. எதிரில் முகம் வந்தால் நான் என்ன பேசுவேன்? வராமல் இருப்பதே நல்லது என்று எனக்கு நிம்மதிதான். அவள் ஒளிவதற்கு என் கூச்சமே சுவராக நின்றது.

காலையில் தழை போடும்போது ஒன்று அனுப்புவேன், மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நாலாவது தோல் உரித்து எழுந்த புழு தழையைத் தின்கிற சத்தம் மழை மாதிரி இருக்கும். அதையும் பதிவு செய்து அனுப்பினேன். “இந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே தங்களோடு வாழ விரும்புகிறேன்” என்று பதில் வந்தது. அம்மா போன பிறகு நான் சாப்பிட்டேனா என்று கேட்ட முதல் ஆள் அவள். பத்து நாளில் நான்தான் அவள் உயிர் என்றாள். பத்து நாளில் எந்தப் பெண்ணுக்கும் நான் உயிராக முடியாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஒதுக்கி வைத்துவிட்டேன்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். கண்ணு பட்டுவிடுமாம். கண்ணு படுவதைப் பற்றி முந்தின வாரம் அவளுக்குச் சொன்னவனே நான்தான். புழுவுக்குக் கண்ணு படாமலிருக்க வாசலில் என்ன கட்டுவோம் என்று அஞ்சு நிமிஷம் விளக்கியிருந்தேன். இப்படி நான் கொடுத்ததையெல்லாம் வாங்கி, எனக்கே திருப்பிக் கொடுத்தாள். நம்ம ஆள் மாதிரியே பேசுகிறாளே என்று நான் பூரித்துப்போனேன்.

பரிசம் விஷயமும் அப்படித்தான். எங்கள் வகையில் வரதட்சணை கேட்பது கேவலம். மாப்பிள்ளை வீட்டார்தான் பெண்ணுக்குப் பரிசம் போட வேண்டும். பெண் வீட்டார் கேட்டால் பேரம் பேச மாட்டோம். பரிசம் போட்டபின் பெண்ணைக் கைவிட்டவனை ஊரில் மதிக்க மாட்டார்கள். இதையும் பெருமையாகச் சொல்லியிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, அவளுடைய தாய்மாமன் சம்மதித்துவிட்டதாகவும், தங்கள் முன்னோர் வழக்கப்படி பரிசம் வந்தால் போதும் என்று அவர் சொன்னதாகவும் எழுதினாள்.

பிறர் சொல்வார்கள், முகம் காணாத பெண் பணம் கேட்டால் அதுவே எச்சரிக்கை என்று. எனக்கு அது எச்சரிக்கையாகத் தெரியவில்லை. பணம் கேட்காமல் இருந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன். பரிசம் கேட்காத பெண் வீடு எது?

மாரண்டஹள்ளியில் பணம் அனுப்பித் தருகிற செல்போன் கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“யாருங்க இது? பேரு வடக்கத்திப் பேரா இருக்குது.”

“ஷெட்டுக்குச் சாமானுங்க.”

“சாமானா? புழுத் தட்டு வாங்க இங்க கடையில்லையா? நல்லா விசாரிச்சுப் போடுங்கண்ணா. நெறைய ஏமாத்துறானுங்க இப்போ.”

“தெரிஞ்சவங்கதாங்க.”

தாய்மாமன் தமிழர், கணக்கு மட்டும் வேறு யாரோ பேரில். அவளிடம் கேட்டேன். மாமாவின் மேனேஜர் என்று பதில் வந்தது. அதுவும் போதுமாக இருந்தது. அந்தப் பேட்ச் கூடு விற்ற பணத்தில் பாதியை அனுப்பினேன். அன்றுதான் வாய் திறந்து முதல் பொய் சொன்னேன். பிறகு பொய் சொல்லச் சொல்ல, சொல்லிக்கொள்ள ஆளில்லாமல் போனது.

அடுத்த பேட்ச் ஐந்தாம் பருவத்தில் இருந்தது. அந்த ஏழெட்டு நாள் புழு பேய்த் தீனி தின்னும். ஒரு வேளை தவறினால் கூடு மெலியும். அந்த வாரம்தான் அவள் வருவதாகச் சொன்னாள். விமானச் சீட்டின் படம் வந்தது. குறிப்பிட்ட நாள் காலை பத்து மணிக்கு டெல்லி விமான நிலையத்திலிருந்து என்று ஒரு பெண் போன் செய்தார். உடைந்த தமிழில் பேசினார். சுங்க அதிகாரியாம். உங்கள் மனைவி கணக்கில் காட்டாத வெளிநாட்டுப் பணத்தோடு வந்திருக்கிறார், அபராதம் கட்டாவிட்டால் ஜெயில் என்றார். பின்னால் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. வார்த்தை ஒன்றும் இல்லை, அழுகை மட்டும். இடுப்பு உயரத்துக்குத் தழை கட்டு, தட்டு நிறையத் தலை தூக்கிப் பார்க்கிற புழு, போனில் அழுகை. டெல்லிக்கு ஓடவும் முடியாது. ஓடினால் எங்கே, யாரிடம் போய்க் கேட்பது?

சுங்கத்துறை தனி ஆள் கணக்கில் அபராதம் வாங்காது, போனில் மிரட்டாது என்பதெல்லாம் இப்போது தெரியும். அன்று கட்டினேன். கட்டியதும் வரி என்றார்கள். வரி கட்டியதும் பணத்தை ரூபாயாக மாற்ற ஒரு கட்டணம் என்றார்கள். ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி. நிறுத்தினால் அதுவரை கட்டியதெல்லாம் போய்விடும் என்ற பயமே அடுத்ததைக் கட்ட வைத்தது. அதற்கும் மேலே பரிசம் போட்ட பெண். பரிசம் போட்டவளை ஜெயிலில் விட்டுவிட்டுப் புழுவுக்குத் தழை போடுகிறவனை ஆம்பளை என்று சொல்வார்களா?

என்னிடம் இனி ஒன்றுமில்லை என்று சொன்னபோது அவள் கோபப்படவில்லை. “அன்பே, என் சிநேகிதர்கள் பணம் அனுப்புவார்கள். என் கணக்கு முடங்கியிருப்பதால் தங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்கிறேன். அதை அதிகாரிக்கு அனுப்பிவிடுங்கள்” என்றாள். மறுநாள் என் கணக்கில் பணம் வந்தது. எடுத்து, அவள் சொன்ன இடத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. ஒரு பகுதியை நான் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நான் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் பணம் வந்ததும், மனசில் இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. ஏமாற்றுகிறவர்கள் பணம் அனுப்புவார்களா?

அந்தப் பேட்ச் கூட்டைத் தருமபுரி அங்காடியில் ஏலத்தில் போட்டேன். விலை நன்றாகத்தான் போனது. பணம் கணக்கில் ஏறிவிட்டது என்று மெசேஜ் வந்தது. தழை வெட்டிய பெண்களுக்குக் கூலி எடுக்க வங்கிக்குப் போனால் மெஷினில் பணம் வரவில்லை. உள்ளே இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க அக்கவுண்ட்ட முடக்கியிருக்காங்க. வேற மாவட்டத்து சைபர் கிரைம்ல புகார். பணம் உள்ள வரும், வெளிய போவாது. ஸ்டேஷன்ல போய்த்தான் பேசணும்.”

“என்ன புகாருங்க?”

“ஏமாத்துன பணம் உங்க கணக்குக்கு வந்திருக்காம்.”

பின்னால் வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்காரர், “என்னப்பா, கோடி ரூபா வந்துருச்சா?” என்றார். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அவளுக்குப் பேசி அனுப்பினேன். பதில் உடனே வந்தது. முதல்முறையாக அதில் அன்பே இல்லை. “நம் உரையாடல் அனைத்தையும் உடனே அழித்துவிடுங்கள். இல்லையெனில் காவலர்கள் தங்களையே கைது செய்வார்கள். தங்கள் குரல்தான் இருக்கிறது. தங்கள் பெயரில்தான் கணக்கு.” கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. “யாரிடமாவது கூறினால் தாங்கள் பேசியவற்றைத் தங்கள் ஊராருக்கு அனுப்புவேன்.”

நான் என்னென்ன பேசியிருந்தேன் என்று எனக்குத் தெரியும். அழிக்காவிட்டால் ஊர் சிரிக்கும். அழித்தால்? அந்தப் பணம் எப்படி வந்தது, யார் அனுப்பச் சொன்னது என்பதற்கு அந்தப் போனைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்தப் புத்தி அப்போது எனக்கு வரவில்லை. அழி என்கிற இடத்தில் விரலை வைத்தேன். நாலு மாதம் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டதெல்லாம் அதில்தான் இருந்தது. மனசு வரவில்லை. அறிவால் பிழைக்கவில்லை, ஆசையால் பிழைத்தேன்.

மூன்று நாள் ஷெட்டைக் கழுவினேன். கழுவிய ஷெட்டையே திரும்பக் கழுவினேன். கூலிக்கு வந்தவர்கள் மூன்றாம் நாள் அக்கா வீட்டில் போய்க் கேட்டிருக்கிறார்கள். அக்காவும் மாமாவும் வந்துவிட்டார்கள்.

“ஏன்டா, கூலிக்காரங்க எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க. பணம் என்னாச்சு?” என்றாள் அக்கா. “சீட்டாடுனியா?”

போனை அவள் கையில் கொடுத்தேன். என் வாயால் சொல்ல முடியவில்லை, அதுவே சொல்லட்டும் என்றுதான். அவள் ஒன்றைத் தட்டினாள். என் குரல் கேட்டது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அடி விழும் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“இத்தன பேச்சு உனக்குப் பேச வருமாடா?”

பிறகு வெளியே பார்த்துக் கத்தினாள், “என்னங்க, வண்டிய எடுங்க. ஸ்டேஷனுக்குப் போலாம்.”

தருமபுரி சைபர் கிரைம் ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். முதல் தடவை பணம் போன அன்றே அரசின் இலவச எண்ணுக்கு அடித்திருந்தால் வழியிலேயே மறிக்க வாய்ப்பிருந்தது, இப்போது கஷ்டம் என்றார். படத்தைப் போட்டுத் தேடிக் காட்டினார். அந்தச் சிரிப்பு வேறு நாட்டுப் பெண் ஒருத்தியுடையது. அவளுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

“அப்ப பேசுனது யாருங்க?” என்றார் மாமா.

“ஒரே ஆளா இருக்காதுங்க. காலைல ஒருத்தன், சாயங்காலம் ஒருத்தன். ஆம்பளையாவும் இருப்பான்.” பிறகு என்னைப் பார்த்தார். “நேர்ல பாக்காத ஆளு, வீடியோல வராத ஆளு, யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லுற ஆளு. பணம் கேட்டாலும் கொடுக்கக்கூடாது. பணம் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. உங்க கணக்குல இன்னொருத்தரு பணம் வந்துபோவ விட்டீங்கன்னா நீங்களும் அதுல ஆளுதான். தெரியாம செஞ்சாலும் பதில் சொல்லணும்.”

“இவன் எறும்புக்குக்கூட வழி விடுறவங்க,” என்றாள் அக்கா.

“எறும்பு புகார் கொடுக்கலீங்க. ஒரு அம்மா கொடுத்திருக்காங்க.”

அதுவரை நான் ஏமாந்தவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்காலியில்தான் புரிந்தது. எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் என் பேரில் இருந்த கணக்குக்குப் பணம் போட்டிருக்கிறார். கப்பல் இன்ஜினீயர் என்று சொல்லி அவரிடம் பழகிய ஒருவனுக்கென்று போட்டாராம். நான் அழுகையைக் கேட்டுப் பணம் போட்ட மாதிரி அவரும் ஏதோ கேட்டுப் போட்டிருக்கிறார். நான் அதைப் பத்திரமாக எடுத்துக் கொண்டுபோய்த் திருடனிடம் சேர்த்திருக்கிறேன்.

இரண்டு வாரத்தில் புகார் பதிவான மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு வரச் சொல்லி நோட்டீஸ் வந்தது. மாமாவும் நானும் பஸ்ஸில் போனோம். வழியில் மாமா ஒரே தடவை, “மாப்ள, பரிசத்தப் பத்தி அவளுக்கு எதுக்குடா சொல்லிக் கொடுத்த?” என்றார்.

ஸ்டேஷன் வராந்தாவில் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா ஒயர் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கணவர் இல்லாதவர், டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. ஏட்டு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் சட்டென்று நிமிர்ந்தார். பணம் போட்ட ரசீதில் இருந்த பேர் அல்லவா. என் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தார்.

“நீங்களா?”

“நான் இல்லீங்கம்மா,” என்றேன்.

இன்ஸ்பெக்டர் என் போனைக் கேட்டார். நான்கு மாதப் பேச்சும் அதில் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, அந்த அம்மாவின் போனைப் பக்கத்தில் வைத்தார். “அம்மா, இத கொஞ்சம் படிங்க” என்று அவருடைய போனில் ஒரு இடத்தைக் காட்டினார்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “இத்தனை ஆண்டுகள் நான் தங்களைத் தேடவில்லை...”

“ஏனெனில் தாங்கள் இருப்பதை நான் அறியவில்லை,” என்றேன். எனக்கு மனப்பாடம்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“இதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“புழுவுக்குத் தழை போட்டுட்டு வந்து பேசுறேன்னு சொன்னேங்க.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, “இவரு அவன் இல்ல சார்,” என்றார் இன்ஸ்பெக்டரிடம். “அவனுக்கு இந்த மாதிரி பதில் சொல்ல வராது.”

அது சட்டத்துக்குப் போதாது. எழுதி வாங்கினார்கள். போனில் இருந்ததையெல்லாம் படியெடுத்தார்கள். நான் பணம் அனுப்பிய கணக்கும் எங்கோ ஒரு கூலியாளின் பேரில் இருந்ததாம், அவர் கணக்கையே யாருக்கோ விற்றுவிட்டாராம். அதற்கு அப்பால் தடம் மங்கிவிட்டது. ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவின் பணம் அளவுக்கு மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை எடுக்கவிட்டார்கள். கூலி கொடுத்தேன். கூப்பிடும்போதெல்லாம் போக வேண்டும், ஊரைவிட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நான் எங்கே போகப்போகிறேன்?

அவள் சொன்னபடி எதையும் ஊருக்கு அனுப்பவில்லை. ஆனாலும் வங்கி வரிசையில் நின்றவர் ஊருக்குச் சொல்லிவிட்டார். டீக்கடையில் “லண்டன் மாப்பிள்ளை” என்கிறார்கள். கேட்டுக்கொள்கிறேன். பெண் கிடைக்காமல் போனைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் பெஞ்சிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். சிரிக்கிறவர்களில் ஒருவர் ஒருநாள் தனியாக வந்து, பணம் கேட்டால் மட்டும்தான் பயப்படணுமா என்று கேட்டார். இல்லைங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்ன அன்னைக்கே பயப்படணும் என்றேன்.

அன்று விசாரணை முடிந்ததும் அந்த அம்மாவும் நாங்களும் ஒரே பஸ் ஸ்டாண்டுக்குத்தான் நடந்தோம். மாமா மூன்று டீ சொன்னார். அந்த அம்மாவின் பஸ் முதலில் வந்தது. ஏறப் போனவர் திரும்பி, “சாப்பிட்டுட்டுப் போங்க ரெண்டு பேரும்,” என்றார். சொன்ன பிறகு, அவனும் தினம் சாப்பாட்டைத்தானே கேட்டான் என்று அவருக்கே ஏதோ போலிருந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய எண்ணை நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.